எச்சரிக்கை கேட்டதிலிருந்து காற்று வரும் வரை: கிரான் பகுதிக் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கான சூறாவளி முன்னாயத்தம்

மீள்குடியேறி, மீண்டும் வாவியிலும் கடலிலும் தொழில் தொடங்கியிருக்கும் குடும்பங்களுக்காக இந்தப் பகுதி எழுதப்பட்டுள்ளது. சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கக்கூடிய விதமாக இது அமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் வாசிப்பவர்கள் படகுக்காரருடன் சேர்த்து வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஏனெனில் இதிலுள்ள வேலைகளில் பாதி கரையில் நடப்பவை.

உங்களில் சிலருக்கு உதவித் திட்டத்தில் வள்ளம் கிடைத்திருக்கும். சிலர் கடன்பட்டு எஞ்சின் வாங்கியிருப்பீர்கள். ஒரு படகு போனால் அது திரும்பக் கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்பது இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் காற்று எழும்பிய பிறகும் படகைப் பார்க்க ஆட்கள் கரைக்கு ஓடுகிறார்கள். சூறாவளியில் உயிர் போகும் வழிகளில் அதுவும் ஒன்று. காற்று வரும்போது கரையில் ஒருவரும் நிற்கத் தேவையில்லாதபடி, அதற்கு முன்பே வேலையை முடிப்பது எப்படி என்பதையே இங்கு விளக்குகிறோம்.

1978 சொல்லித்தந்தது

வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் அதிகமாக எங்கள் பக்கம் வருவது ஐப்பசி முதல் மார்கழி வரையான மாதங்களில். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி பற்றி ஊரிலுள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் சுமார் 900 பேர் உயிரிழந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமடைந்தன. மட்டக்களப்பின் மீன்பிடிக் கலங்களில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்தது.

இதில் இரண்டு விடயங்களை மனதில் வைத்திருங்கள். முதலாவது, அந்தச் சூறாவளி ஒரு நாளில் வந்ததல்ல. நவம்பர் 17 அளவில் கடலில் உருவாகத் தொடங்கி, கரையைத் தொட ஏறக்குறைய ஆறு நாட்கள் எடுத்தது. இரண்டாவது, தென்னைகள் விழுந்தன. கரையிலே படகைக் கட்ட எங்களுக்கு முதலில் கண்ணில் படுவது தென்னைதான். பெருங்காற்றில் அது முறிந்தாலும் வேரோடு சாய்ந்தாலும் படகு அதனோடு போகும், அல்லது படகின் மேலே மரம் விழும்.

எல்லாச் சூறாவளியும் ஆறு நாள் தவணை தருவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் இலங்கையின் தென்கிழக்கே தாழமுக்கமாக இருந்தது, அடுத்த நாளே ஒக்கி என்ற சூறாவளியாக மாறிக் கன்னியாகுமரிக் கடலுக்குள் போனது. எச்சரிக்கை பலமாக வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த தமிழ்நாட்டு, கேரளக் கடற்றொழிலாளர் பலர் திரும்பவில்லை. தூரத்தில் உருவாவது நாட்களைத் தரும். கரைக்குக் கிட்ட உருவாவது மணித்தியாலங்களை மட்டுமே தரும். ஆகவே எச்சரிக்கையைக் கேட்டவுடன் கேட்க வேண்டிய கேள்வி, “வருமா, வராதா?” என்பதல்ல. “எங்களிடம் எத்தனை மணித்தியாலம் இருக்கிறது?” என்பதுதான்.

அறிவித்தலில் வரும் சொற்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் அறிவித்தல்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தமிழில் வாசிக்கப்படுகின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அவற்றை மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் வழியாகக் கீழே அனுப்புகிறது. சந்தேகம் இருந்தால் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அறிவித்தலில் வரும் பெயர்கள் காற்றின் வேகத்தைக் கொண்டு வைக்கப்படுபவை. மையத்தைச் சுற்றி வீசும் காற்று மணிக்கு 31 கிலோமீற்றருக்குக் குறைவாக இருந்தால் அது தாழமுக்கப் பகுதி. 31 முதல் 49 வரை தாழமுக்கம். 50 முதல் 61 வரை ஆழமான தாழமுக்கம். 62 ஐத் தொட்டால் சூறாவளி. 89 ஐத் தாண்டினால் கடும் சூறாவளி. சூறாவளி நிலைக்கு வந்த பிறகுதான் அதற்குப் பெயர் வைப்பார்கள். எனவே “இன்னும் பெயர் வைக்கவில்லைத்தானே” என்று இருப்பவர், தயாராவதற்கு இருந்த நல்ல நேரத்தை இழந்துவிடுகிறார். சிறிய வள்ளங்களுக்கு ஆழமான தாழமுக்கமே போதுமான ஆபத்து.

இந்த வேகங்கள் சில நிமிடங்களுக்குச் சராசரியாக எடுக்கப்பட்டவை. இடையிடையே அடிக்கும் குத்துக்காற்று இதைவிடப் பலமாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். 40 கிலோமீற்றர் காற்றில் படகைப் பிடித்து நின்ற கயிறு 80 கிலோமீற்றர் காற்றில் நான்கு மடங்கு இழுவையைத் தாங்க வேண்டும். “போன மாரியிலும் இப்படித்தான் கட்டினேன், நின்றது” என்ற அனுபவம் சூறாவளிக்குப் போதாது.

மணித்தியாலக் கணக்கு

அறிவித்தல் வாசிக்கப்படும்போது நான்கு விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: மையம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு அங்கே இருந்தது, எந்தத் திசைக்கு நகர்கிறது, மணிக்கு எத்தனை கிலோமீற்றர் நகர்கிறது. இங்கே இரண்டு வேகங்கள் வரும். குழப்பிக்கொள்ள வேண்டாம். காற்று சுழலும் வேகம் ஒன்று. முழுச் சூறாவளியும் இடம் நகரும் வேகம் வேறொன்று. காற்று மணிக்கு 90 கிலோமீற்றரில் சுழன்றாலும், சூறாவளி எங்களை நோக்கி 15 கிலோமீற்றரில் நடந்து வரலாம். நேரத்தைக் கணக்கிட வேண்டியது இந்த நகரும் வேகத்தைக் கொண்டுதான்.

ஒரு உதாரணம் செய்து பார்ப்போம். காலை 7 மணிக்கு வானொலியில் இப்படி வருகிறது என்று வையுங்கள்: ஆழமான தாழமுக்கம் ஒன்று காலை 5.30 மணிக்கு மட்டக்களப்பிலிருந்து 450 கிலோமீற்றர் தூரத்தில் தென்கிழக்கே இருந்தது, மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் கரையை நோக்கி நகர்கிறது, 12 மணித்தியாலத்தில் சூறாவளியாகலாம்.

450 ஐ 15 ஆல் பிரித்தால் 30 மணித்தியாலம். மையம் நாளை காலை 11.30 அளவில் கரைக்கு வரும். பலர் இந்தக் கணக்கோடு நின்றுவிட்டு, “நாளைக்குத்தானே” என்று சொல்வார்கள். ஆனால் பெருங்காற்று மையத்தோடு வருவதில்லை, அதற்கு முன்னால் வரும். எவ்வளவு தூரம் முன்னால் என்பது ஒவ்வொரு சூறாவளிக்கும் வேறுபடும். அறிவித்தலில் சொல்லப்படாவிட்டால் 150 கிலோமீற்றர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 450 இலிருந்து 150 ஐக் கழித்தால் 300. அதை 15 ஆல் பிரித்தால் 20 மணித்தியாலம். அதாவது பெருங்காற்று இன்று நள்ளிரவு கடந்து 1.30 அளவில் தொடங்கலாம்.

அதோடும் முடியவில்லை. சூறாவளி வழியில் வேகம் கூடி, மணிக்கு 20 கிலோமீற்றராக நகர்ந்தால் 300 ஐக் கடக்க 15 மணித்தியாலம்தான். அப்போது இன்று இரவு 8.30 க்கே பெருங்காற்று வந்துவிடும். இருட்டில், மழையில் படகு இழுக்க முடியாது. கார்த்திகையில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிடும். எனவே “நாளை காலை 11.30” என்று கேட்ட செய்தியின் உண்மையான பொருள், “இன்று பின்னேரம் 3 மணிக்குள் எல்லாவற்றையும் முடி” என்பதுதான். 5.30 க்கு இருந்த நிலையை நீங்கள் 7 மணிக்குத்தான் கேட்டீர்கள். கையில் இருப்பது 8 மணித்தியாலம்.

அடுத்த அறிவித்தலில் தூரமும் வேகமும் மாறும். அப்போது கணக்கையும் திரும்பச் செய்யுங்கள். நேரம் கூடியதாக வந்தால் நல்லது, ஆனால் தொடங்கிய வேலையை நிறுத்த வேண்டாம். வேறு பக்கம் திரும்பிப் போனால் நீங்கள் இழப்பது ஒரு நாள் தொழில்.

காற்றின் திசை சொல்லும் செய்தி

எங்கள் பகுதியில் சூறாவளிக் காற்று மையத்தைச் சுற்றி இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழலும். இதை வைத்து மையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கரையில் நின்றே ஓரளவு அறியலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப் பக்கமாக மையம் இருக்கும்.

மையம் கிழக்கே கடலில் இருக்கும்போது எங்களுக்கு வடக்குப் பக்கமிருந்து காற்று வரும். மாரிகாலத்து வாடையும் அதே பக்கத்திலிருந்து வருவதால் அது மட்டும் ஒன்றையும் உறுதிப்படுத்தாது. பார்க்க வேண்டியது அது மாறும் விதம். வடகாற்று திசை மாறாமல் மேலும் மேலும் பலமானால் மையம் நேராக எங்களை நோக்கி வருகிறது. அது மெல்லக் கொண்டல் பக்கமாகத் திரும்பிக் கிழக்கிலிருந்து வீசினால் மையம் எங்களுக்குத் தெற்கே கடக்கிறது. கச்சான் பக்கமாகத் திரும்பி மேற்கிலிருந்து வீசினால் மையம் வடக்கே கடக்கிறது.

இதில் ஆபத்துக் கூடியது கிழக்கிலிருந்து வீசும் காற்று. அது கடலை நேரே கரைக்குத் தள்ளும். அலையோடு சேர்த்துக் கடல்மட்டமே உயர்ந்து உள்ளே வரும். 1978 இல் மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கல்குடாக் கரையில் கடல்நீர் வெகுதூரம் உள்ளே வந்தது. கிரானும் நகருக்கு வடக்கேதான் இருக்கிறது. ஆகவே “மையம் மட்டக்களப்புக்குத் தெற்கே போகும்” என்று அறிவித்தல் வந்தால், தப்பிவிட்டோம் என்று எண்ண வேண்டாம். கடல்நீர் ஏறக்கூடிய பக்கத்தில்தான் நாங்கள் இருப்போம்.

இந்த அடையாளங்கள் அறிவித்தலுக்குப் பதிலாகாது. அறிவித்தல் கிடைக்காமல் போகும் இரவில், வீட்டிலிருந்தபடி நிலைமையை ஊகிக்க உதவும்.

படகை எங்கே வைப்பது

சுனாமி நேரத்தில் ஆழ்கடலில் நின்ற படகுகள் தப்பின என்ற நினைவு பலரிடம் உண்டு. சூறாவளிக்கு அது பொருந்தாது. சுனாமி அலை ஆழ்கடலில் தெரியாமலே கடந்துவிடும். சூறாவளியோ கடலில்தான் மிகக் கொடியது. சிறிய படகு எதுவும் அந்த நேரத்தில் கடலில் நிற்கக் கூடாது.

கடற்கரையில் இருக்கும் பைபர் வள்ளங்களுக்கு நல்ல இடம் தரைதான். வழமையாக இழுத்து வைக்கும் இடம் போதாது. மணல் மேட்டைத் தாண்டி, முடிந்தால் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவாருங்கள். தென்னையின் கீழும், மின்கம்பிக்குக் கீழும், தகரக் கூரைக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். காற்றில் பறக்கும் தகரம் பைபரை வெட்டிவிடும்.

வாவிக்குள் கொண்டுபோவதானால் கடல் அமைதியாக இருக்கும்போதே கொண்டுபோங்கள். தூரத்திலுள்ள சூறாவளியிலிருந்து வரும் நீண்ட, உயரமான அலை, காற்றுக்கு முன்பே கரைக்கு வந்துவிடும். வானம் வெளித்திருந்தாலும் அப்படியான அலை முகத்துவாரத்தில் உடையத் தொடங்கினால், அதற்குள்ளால் படகைக் கொண்டுவர முயல வேண்டாம். அப்போது தரையில் ஏற்றுவதே பாதுகாப்பு.

வாவியும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அகன்ற நீர்ப்பரப்பில் காற்று நீண்ட தூரம் ஓடி வந்து அலை எழுப்பும். பாலத்துக்கு மேற்புறத்தில் நிற்கும் படகு கட்டறுந்தால் பாலத்தில் மோதும். ஆறு வந்து சேரும் வாயில் மழைவெள்ளம் மரங்களை அடித்துக்கொண்டு வரும். கண்டல் மரங்கள் சூழ்ந்த ஒடுங்கிய ஓடைகளே நல்ல மறைவு. அங்கே இடம் குறைவாக இருப்பதால், எந்தப் படகு எந்த ஓடைக்கு என்பதைச் சங்கம் மாரிக்கு முன்பே தீர்மானித்து வைக்க வேண்டும்.

கட்டும் விதம்

தரையில் வைக்கும் படகைப் பிடித்து வைக்க நல்லது, மண்ணுக்குள் புதைத்த கட்டை. நான்கு அடி நீளமான உறுதியான மரக்கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டுங்கள். மூன்று அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகக் கட்டையைப் படுக்க வைத்து, மண்ணைப் போட்டு மிதித்து இறுக்குங்கள். அணியத்தில் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு கட்டைகள் வேண்டும். பின்பக்கக் கட்டைகளை விட்டுவிடாதீர்கள். காற்று ஒரு பக்கமிருந்து மட்டும் வராது.

மீள்குடியேறிய இடங்களில் ஒரு எச்சரிக்கை: கண்ணிவெடி அகற்றி முடிந்ததாக அறிவிக்கப்பட்ட நிலத்தில் மட்டுமே குழி தோண்டுங்கள். அவசரத்தில் அபாயப் பலகையைத் தாண்டிப் படகை இழுத்துவிட வேண்டாம். வெள்ளம் வெடிபொருட்களை இடம் மாற்றிப் போடுவதும் உண்டு. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

படகு மணலில் சமமாகப் படுத்திருக்கட்டும். கல்லின் மேலோ கட்டையின் மேலோ நின்றால் அடிப்பக்கம் வெடிக்கும். எஞ்சினும் பொருட்களும் இறக்கிய பிறகு, அடியிலுள்ள அடைப்பை இறுக்கி, உள்ளே 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். 18 அடி வள்ளத்தில் அது அரைத் தொன் அளவுக்குப் பாரம் தரும். வெறும் வள்ளத்தைக் காற்று கடதாசி போலத் தூக்கிவிடும். பாரம் உள்ளதைத் தூக்குவது கடினம். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், பக்கங்கள் விரியும். சிறிய மரத் தோணியை, கண்டல் மறைவிலுள்ள ஆழமற்ற நீரில், அணியத்தைக் கட்டிவிட்டுத் தண்ணீர் நிரப்பி அமிழ்த்தி விடலாம்.

வாவிக்குள் நங்கூரத்தில் விடும் படகுக்குக் கயிற்றின் நீளம்தான் உயிர். நங்கூரம் மண்ணைப் பிடிக்க, கயிறு தட்டையாகப் படுத்து இழுக்க வேண்டும். நீரின் ஆழம் 2 மீற்றர், நீர் உயரக்கூடியது 1.5 மீற்றர், அணியத்தின் உயரம் அரை மீற்றர் என்றால் மொத்தம் 4 மீற்றர். அதன் ஏழு மடங்கு, 28 மீற்றர் கயிறு விடுங்கள். அதற்கேற்ப மற்றப் படகிலிருந்து விலகி நிற்க வேண்டும். இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் ஒன்றையொன்று உடைக்கும்.

இரண்டு பிழைகளால்தான் அதிகமான படகுகள் போகின்றன. ஒன்று, இறுக்கிக் கட்டுவது. தாழ்வான வேரில் படகை இறுகக் கட்டினால், நீர் உயரும்போது அணியம் கீழே பிடிபட்டு, பின்பக்கம் உயர்ந்து படகு நிரம்பும். நீர் உயரும் அளவுக்குக் கயிற்றில் தளர்வு வேண்டும். மற்றது, உரசல். கயிறு நடுவில் அறுவது குறைவு. படகின் விளிம்பில் உரசும் இடத்தில்தான் அறும். அந்த இடத்தில் பழைய ரியூப் துண்டையோ சாக்கையோ சுற்றிக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை இது. ஆனால் புதுக் கயிறு வாங்குவதைவிட அதிகம் காப்பாற்றும்.

எஞ்சின், வலை, பத்திரங்கள்

எஞ்சினைக் கழற்றி வீட்டுக்கோ, சங்கக் கட்டடத்துக்கோ கொண்டுவாருங்கள். தரையில் வைக்காமல் உயரத்தில், நிமிர்த்திக் கட்டி வையுங்கள். படகு உடைந்தாலும் எஞ்சின் இருந்தால் இன்னொருவருடைய படகில் சேர்ந்து தொழில் செய்யலாம். மண்ணெண்ணெய்க் கானை மூடி இறுக்கி, அடுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். வலையைச் சுருட்டிச் சாக்கில் கட்டுங்கள். படகில் விட்ட வலை காற்றில் விரிந்தால் பாய் போலப் படகை இழுக்கும்.

படகுப் பதிவுப் பத்திரம், தொழிலாளர் அடையாள அட்டை, காப்புறுதி இருந்தால் அதன் பத்திரம், குடும்ப அட்டை ஆகியவற்றை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி உடம்போடு கொண்டுபோங்கள். இடம்பெயர்வில் பத்திரம் தொலைத்தவர்களுக்கு அதைத் திரும்ப எடுக்கப் பட்ட பாடு தெரியும். படகின் பதிவிலக்கம் தெரியும்படி ஒரு படமும், எஞ்சின் இலக்கம் தெரியும்படி ஒரு படமும் கைத்தொலைபேசியில் எடுத்து, உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது அவை உதவும்.

சங்கம் செய்ய வேண்டிய கணக்கு

18 அடி வள்ளமொன்றை மேட்டைத் தாண்டி இழுத்து, கட்டி, பாரம் ஏற்றி முடிக்கப் பத்துப் பேருக்கு 40 நிமிடம் என்று வைப்போம். பன்னிரண்டு படகுகளுக்கு 480 நிமிடம், அதாவது 8 மணித்தியாலம். முன்னைய உதாரணத்தில் எங்களிடம் இருந்ததும் 7 மணியிலிருந்து 3 மணி வரை, 8 மணித்தியாலம்தான். ஒரு நிமிடமும் மிச்சமில்லை. பகல் 11 மணிக்குத் தொடங்கினால் ஆறு படகுகள் அப்படியே நிற்கும். குழிகளும் கட்டைகளும் மாரிக்கு முன்பே தயாராக இருந்தால் ஒரு படகுக்கு 25 நிமிடம் போதும். பன்னிரண்டு படகும் 5 மணித்தியாலத்தில் முடியும். உங்கள் கரையில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஒரு படகை இழுத்துப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

எந்தப் படகு முதலில் என்ற வரிசையையும் முன்பே எழுதி வையுங்கள். வீட்டில் இழுக்க ஆள் இல்லாத குடும்பங்களின் படகுகள், கணவனை இழந்த பெண்கள் வாடகைக்கு விட்டிருக்கும் படகுகள் முதலில் வரட்டும். கடைசியில் விட்டால் அவைதான் தவறும்.

வானொலி கேட்டுக் குறிப்பெடுக்க இரண்டு பேரை நியமியுங்கள். ஒருவர் தொழிலுக்குப் போனால் மற்றவர் கரையில் நிற்க வேண்டும். யார் கடலில் இருக்கிறார், எப்போது திரும்புவார் என்ற கொப்பி இறங்குதுறையில் இருக்கட்டும். கரையிலிருந்து தூரம் போனால் கைத்தொலைபேசி எடுக்காது. ஆகவே தாழமுக்கம் பற்றிய செய்தி வந்த நாளிலிருந்தே தூரத் தொழிலை நிறுத்தி, அழைத்தால் கேட்கும் தூரத்துக்குள் தொழில் செய்வது நல்லது.

காற்று நின்றாற்போல் தோன்றும் நேரம்

மையம் ஊருக்கு மேலால் கடந்தால், பேய்க்காற்று குறுகிய நேரத்தில் அடங்கிவிடும். சில வேளை வானத்தில் நட்சத்திரமும் தெரியும். படகைப் பார்க்க ஆட்கள் இறங்குவது அப்போதுதான். அது முடிவல்ல. மையத்தின் மறுபாதி கடந்து வரும்போது காற்று எதிர்த்திசையிலிருந்து, படிப்படியாக அல்லாமல் முழுப் பலத்தோடு திரும்ப அடிக்கும். வடக்கிலிருந்து அடித்த காற்று இப்போது தெற்கிலிருந்து வரும். அதற்காகத்தான் நான்கு பக்கமும் கட்டச் சொன்னோம். வானொலியில் கடந்துவிட்டது என்று அறிவிக்கும் வரை வெளியே வர வேண்டாம்.

காற்று போன பிறகு வெள்ளம் வரும். மேற்கே பெய்த மழை ஆறுகள் வழியாக வாவிக்கு வந்து சேர ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். கிரான் - புலிபாய்ந்தகல் வீதி பெரு மாரியில் நீருக்குள் போவது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் நோயாளியையும் கர்ப்பிணித் தாயையும் உணவையும் கொண்டுபோவது படகுதான். எனவே எஞ்சினோடு ஒரு படகு வீதியின் கிழக்குப் பக்கத்திலும், ஒரு படகு மேற்குப் பக்கத்திலும் காற்றுக்கு முன்பே பத்திரமாக வைக்கப்பட வேண்டும். எவருடைய படகுகள், யார் ஓட்டுவது, எரிபொருள் எங்கே என்பதைச் சங்கம் எழுதி, பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுத்து வைக்கட்டும்.

ஐப்பசி பிறக்கும் முன் வரும் சங்கக் கூட்டத்தில் மூன்று வேலைகளை முடியுங்கள்: படகு வரிசையை எழுதுவது, கட்டைகளைப் புதைப்பது, வானொலி கேட்கும் இரண்டு பேரின் பெயரைப் பலகையில் போடுவது.